புதுப்பிப்பு: ஆக்ஸ் புளூடூத் ரிசீவரில் இரைச்சலும் இன்ஜின் விசிலும்

கேட்டிருந்தது: "பழைய கார் ஆக்ஸில் புளூடூத் ரிசீவர் மாட்டினால் 'ஸ்ஸ்' என்ற இரைச்சல், ஆக்சிலேட்டர் மிதித்தால் கூடவே ஏறும் விசில். என்ன செய்யலாம்?"

உதவிய எல்லோருக்கும் நன்றி. ரிசீவரைப் பவர் பேங்கில் ஓட்டிப் பார்க்கச் சொன்ன யோசனைதான் வழிகாட்டியது. அப்படி ஓட்டியதும் விசில் அறவே நின்றது. அதாவது சார்ஜர் வழியாகவும் ஆக்ஸ் வயர் வழியாகவும் இரண்டு கிரவுண்ட் சேர்ந்து வளையமாகிறது. திரும்பச் சார்ஜரில் செருகி, ஆக்ஸ் வயரில் அந்த வளையத்தைத் துண்டிக்கும் 3.5 மி.மீ. கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் போட்டதும் விசில் போய்விட்டது. எதிர்பாராதது: அடி பாஸ் கொஞ்சம் மெலிந்தது; உள்ளிருக்கும் சின்ன டிரான்ஸ்ஃபார்மர்தான் காரணம்.

வயரில் மாட்டும் ஃபெரைட் வளையம் ரேடியோ அலைவரிசைத் தொல்லைக்குச் சரி, காதில் விழும் இந்த விசிலுக்கு உதவவில்லை.

'ஸ்ஸ்' இரைச்சலுக்கு ஃபோன், ரிசீவர் வால்யூமை உச்சத்துக்கு அருகில் வைத்து ஸ்டீரியோவைக் குறைத்தேன். பெரும்பாலும் அடங்கியது. பாட்டு நிற்கும்போது மட்டும் லேசாகக் கேட்கிறது.