திருட்டா, கொள்ளையா? சட்டம் படித்தவர்கள் கொஞ்சம் உதவுங்கள்

வணக்கம். வெள்ளிக்கிழமை எனக்கு பாரதிய நியாய சன்ஹிதா தேர்வு. 303 திருட்டு, 308 மிரட்டிப் பறித்தல், 309 கொள்ளை. இதில் ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டேன்.

பஸ்ஸில் தெரியாமல் பர்ஸை உருவினால் திருட்டு, சரி. "நாளைக்குள் பத்தாயிரம் கொண்டுவா, இல்லையென்றால் காலை உடைப்பேன்" என்று போனில் மிரட்டி வாங்கினால் மிரட்டிப் பறித்தல். அதே ஆள் எதிரில் நின்று கழுத்தில் கத்தியை வைக்க, நான் நடுங்கிக்கொண்டே மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்தால் கொள்ளை. கொடுத்தது என் கையால்தான், ஆனால் பயம் அந்த நொடிக்கானது. இதுவரை தெளிவு.

அப்புறம் வருவதுதான் குழப்பம். ஒருவன் மேசையிலிருந்த செல்போனை எடுத்துக்கொண்டு ஓடுகிறான். கடைக்காரர் துரத்துகிறார்.

அவன் போனைக் கையில் வைத்துக்கொண்டே அவரைக் கல்லால் அடித்தால், பொருளைக் கொண்டுபோகத்தான் அடித்தான், எனவே கொள்ளை. போனை வீசிவிட்டு, பிடிபடாமல் தப்ப மட்டும் அடித்தால்? 309-இல் "அந்த நோக்கத்திற்காக" என்று இருப்பதால், அது திருட்டும் தனியாகக் காயம் ஏற்படுத்தியதும்தான் என்று எழுதினேன். நண்பன் ஒத்துக்கொள்ளவே மாட்டேன் என்கிறான். ரத்தம் வந்தாலே கொள்ளையாம்!

என் விடை சரியா? ஏதாவது தீர்ப்பு தெரிந்தால் சொல்லுங்கள்.