உள்மாற்றத்தில் பெரிய பொறுப்பு: சம்பளத்தை எப்படிப் பேசுவது?

அனைவருக்கும் வணக்கம். நான்கு ஆண்டுகளாக ஒரே குழுவில் பணியாற்றிவரும் நான், அதே நிறுவனத்தின் வேறொரு குழுவுக்கு, ஆறு பேரை வழிநடத்தும் பொறுப்பில், ஒரு படிநிலை உயர்ந்து செல்லவிருக்கிறேன். உள்மாற்றத்திற்குத் தற்போதைய சம்பளத்தில் 10 சதவீதத்துக்கு மேல் உயர்த்துவதில்லை என்று மனிதவளத் துறை கூறுகிறது. ஆனால் புதிய படிநிலையின் குறைந்தபட்சச் சம்பளமே என் சம்பளத்தைவிட 18 சதவீதம் அதிகம். அதாவது, அவர்கள் சொல்வதை ஏற்றால், அந்தப் படிநிலையின் அடிமட்டத்துக்கும் கீழேதான் இருப்பேன். வெளியிலிருந்து வருபவருக்கு இந்த வரம்பு பொருந்தாது என்பதுதான் உறுத்துகிறது.

தொகையைப் பேசும் முன்பே புதிய மேலாளரிடம் வாய்மொழியாகச் சம்மதித்துவிட்டேன். அது என் அவசரம். எனினும் மாற்றக் கடிதத்தில் இன்னும் கையெழுத்திடவில்லை.

குறைந்தபட்சத் தொகையாவது கிடைக்க 10 சதவீத வரம்புக்கு விதிவிலக்குக் கேட்டு, பதவியை நிரப்பும் நிதியைக் கையில் வைத்திருக்கும் புதிய மேலாளரை முதலில் அணுகுவதா, நேரடியாக மனிதவளத் துறைக்கு எழுதுவதா? இப்போது 10 சதவீதத்தை ஏற்று, ஆறு மாதத்தில் மீதியைத் தருவதாகக் கடிதத்திலேயே எழுதி வாங்கியவர்களுக்கு அது உண்மையில் கிடைத்ததா? இரண்டு மாதத்தில் வரும் ஆண்டு ஊதிய உயர்வை இந்த உயர்வோடு சேர்த்துக் கழித்துவிடாமலிருக்க, கடிதத்தில் என்ன வாசகத்தைக் கேட்க வேண்டும்?