ஈரக்குமிழா, நனைகுமிழா, புலர்நிலையா?

மொழிபெயர்ப்பாளர்:
அனைவருக்கும் வணக்கம். பள்ளி அறிவியல் பாடம் ஒன்றை வெள்ளிக்கிழமைக்குள் முடித்துக் கொடுத்தாக வேண்டும். மின்விசிறி அறையைக் குளிர்விப்பதில்லை, நம்மை மட்டும்தான் குளிர்விக்கிறது என்பது பாடம். வெறும் வெப்பமானியை விசிறிக்கு முன் பிடித்தால் 34 டிகிரி 34-ஆகவே நிற்கும். குமிழில் ஈரத்துணி சுற்றிப் பிடித்தால் மளமளவென்று இறங்கி ஓரிடத்தில் நின்றுவிடும். அந்த 'வெட் பல்ப் டெம்பரேச்சர்' என்ற அளவுக்குத்தான் பெயர் வேண்டும். ஈரக்குமிழ் வெப்பநிலை என்று வகுப்பில் சொல்லிப் பார்த்தேன். ஒரு பையன் மழையில் நனைகிற விளக்கு பல்பை வரைந்து காட்டினான்.

புலவர்:
பையன்மேல் தவறில்லை. குமிழ் என்றால் மரமும் உண்டு. மூக்குக்கு உவமை சொல்வார்களே, அந்தக் குமிழம்பூ. வினைத்தொகையாக 'நனைகுமிழ்' எனலாம். ஆனால் நனை என்பதற்கு அரும்பு, கள் என்றும் பொருள் இருப்பதால் வம்பு. என் பரிந்துரை 'புலர்நிலை'. புலர்தல் என்றால் விடிதல் மட்டுமல்ல, ஈரம் காய்தலும்தான். பழம்பாடல்களில் மார்பில் பூசிய சாந்து புலரும். காயும்போது குளிர்வது என்ற கருத்தே சொல்லுக்குள் வந்துவிடுகிறது.

வாசகர்:
நான் வெளியே போகும்போதுகூட விசிறியை ஓடவிட்டுத்தான் போவேன், திரும்பி வந்தால் அறை குளுகுளு என்றிருக்கும். விசிறி குளிர்விக்காது என்பது சரியா?

பொறியாளர்:
வந்து விசிறிக்கடியில் நிற்கிறீர்கள், அதனால் அப்படித் தெரிகிறது. ஆளில்லாத அறையில் அது செய்வது எதிர்வேலை. 75 வாட் இழுக்கிற விசிறி என்றால் அந்த 75 வாட்டும் கடைசியில் அறைக்குள் வெப்பமாகத்தான் முடியும். உடம்பை ஒட்டி ஈரமும் சூடும் தேங்கிய மெல்லிய காற்றுப் படலம் ஒன்று எப்போதும் இருக்கும். விசிறி அதைக் கலைத்துவிட்டு அறைக்காற்றைக் கொண்டுவருகிறது, வியர்வை வேகமாக ஆவியாகிறது. ஒரு லிட்டர் வியர்வை ஆவியானால் ஏறத்தாழ 24 லட்சம் ஜூல் வெப்பம் போகும். சொட்டிக் கீழே விழுந்த வியர்வையால் அந்தப் பயன் கிடையாது.

ஆசிரியை:
ஆனால் ஈரப்பதம் 100 சதவீதம் ஆகிவிட்டால் வியர்வை ஆவியாகவே ஆகாது, இல்லையா? 'ஆவியெல்லை' என்று வைத்தால் பிள்ளைகளுக்குப் புரியும்.

பொறியாளர்:
பாதி சரி, அம்மா. 100 சதவீதம் என்பது காற்றின் வெப்பநிலைக்கான கணக்கு. தோல் 35 டிகிரியில் இருக்கிறது. காற்று 25 டிகிரியில் நிறைந்திருந்தாலும், தோலருகே ஆவியின் அழுத்தம் அதைவிட அதிகம். ஆகவே ஆவியாதல் நடக்கும். காற்றும் 35-ஐ எட்டி நிறைந்திருந்தால்தான் கதவு அடைபடும். அதனால் சதவீதத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம், இந்த ஈரத்துணி அளவுதான் உண்மையைச் சொல்லும்.

34 டிகிரி அறையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஈரப்பதம் 40 என்றால் ஈரத்துணி சுமார் 24 வரை இறங்கும். தோலுக்கும் அதற்கும் 11 டிகிரி இடைவெளி. ஈரப்பதம் 80 என்றால் 31-லேயே நின்றுவிடும், மிஞ்சுவது 4. வெறும் வெப்பமானி இரண்டு நாளும் 34 என்றே காட்டும். சும்மா உட்கார்ந்திருந்தாலே உடம்பு 100 வாட் அளவுக்கு வெப்பம் உண்டாக்குகிறதே, அது வெளியேற அந்த இடைவெளி வேண்டும். இடைவெளி அற்றுப்போனால் விசிறியை எவ்வளவு வேகமாகச் சுற்றவிட்டாலும் பயனில்லை. ஆனால் 'எல்லை' என்று பெயர் வைக்காதீர்கள், இது அளந்து வருகிற வெப்பநிலை.

புலவர்:
நீங்களே 'ஈரத்துணி அளவு' என்கிறீர்கள். அப்புறம் குமிழ் எதற்கு? இன்றைக்கு இலக்கக் கருவியில் குமிழே இல்லையே. ஆங்கிலேயன் கண்ணாடிக் குமிழைப் பார்த்துப் பேர் வைத்தான் என்பதற்காக நாமும் அதைச் சுமக்க வேண்டுமா?

ஆசிரியை:
ஐயா, 'புலர்நிலை' என்று கரும்பலகையில் எழுதினால் எல்லாப் பிள்ளைகளும் விடியற்காலை வெப்பநிலை என்றுதான் எழுதும். பேசாமல் 'வெட்பல்ப்' என்றே விட்டுவிடலாம்.

புலவர்:
அதற்கு நான் உடன்படேன். பஸ், பல்ப், இப்போது வெட்பல்பா?

மொழிபெயர்ப்பாளர்:
நாளை வெள்ளி. 'ஈரக்குமிழ் வெப்பநிலை' என்றே போடுகிறேன். முதல் முறை வருமிடத்தில் 'ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் அளவு' என்று ஒரு வரியும், துணியோடு படமும் சேர்க்கிறேன்.

புலவர்:
படத்தின் அடியிலாவது புலர்நிலை என்று சிறிய எழுத்தில் போடலாமே.

மொழிபெயர்ப்பாளர்:
இடமில்லை ஐயா.

வாசகர்:
அப்படியானால் வெளியே போகும்போது விசிறியை நிறுத்திவிட வேண்டுமா?