புதுப்பிப்பு: இணையவழிக் கணக்கு ஆசிரியையை ஆறு வாரம் கவனித்தபின்

“ஆறாம் வகுப்பு மகளுக்கு இணையத்தில் தனியாகக் கணக்கு சொல்லித்தரும் ஆசிரியை அன்பாகப் பேசுகிறார், பிள்ளை உண்மையில் கற்கிறாளா என்று எப்படி அறிவது?” என்று காரைக்குடியிலிருந்து கேட்டிருந்தேன்.

தேவகோட்டையின் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் சொன்னபடி, பத்துப் பின்னக் கணக்குகளை உதவியின்றிப் போடச் சொல்லி அந்தத் தாளைப் பத்திரப்படுத்தினேன். மூன்றே சரி, 1/2 + 1/3 என்பதற்குத் தொகுதிகளையும் பகுதிகளையும் தனித்தனியே கூட்டி 2/5 என்று எழுதியிருந்தாள். பாதியைவிடக் குறைவான விடை வந்ததை அவள் கவனிக்கவே இல்லை.

முதல் நான்கு வகுப்புகளும் “இன்று என்ன பாடம்?” என்ற கேள்வியோடுதான் தொடங்கின. தாளை அனுப்பியபின், ஆசிரியை அதே பிழையிலிருந்து, காகிதப் பட்டைகளை மடித்துக்காட்டித் தொடங்கினார். ஆறாம் வாரம் எண்களை மாற்றிக் கொடுத்தேன், எட்டு சரி. வாக்கியக் கணக்குகள் இரண்டும் இன்னும் தவறு.

பள்ளி மதிப்பெண்ணே போதும் என்றார் ஒருவர். ஓரளவு சரிதான், ஆனால் காலாண்டுத் தேர்வில் பின்னம் மிகக் குறைவாகவே வந்தது. மற்றொருவர் தம் மகனின் இந்தி வகுப்பைப் பற்றியே எழுதினார். பிள்ளை சிரித்துக்கொண்டு படிக்கிறாளே, அது போதாதா என்பது எங்கள் ஆச்சியின் கருத்து.

நேரம்தான் வருத்தம். 45 நிமிட வகுப்புகள் பன்னிரண்டில் ஐந்து தாமதமாகத் தொடங்கியதால் மொத்தம் 40 நிமிடம், அதாவது ஏறக்குறைய ஒரு வகுப்பு, போயிற்று. குறித்துவைத்ததைக் காட்டியபோது ஈடுசெய்வதாகச் சொன்னார், இதுவரை செய்யவில்லை. அடுத்த மாதக் கட்டணத்தை இன்னும் அனுப்பவில்லை.