நாய்க்கு கால்சியம் 13.8, கிட்னி போய்விட்டது என்கிறார்கள், நம்பலாமா? (9½ வயது லாப்ரடார்)

செல்வி_ஈரோடு
எங்கள் மணிக்கு ஒன்பதரை வயது, லாப்ரடார், பெண், கருப்பை எடுத்தாயிற்று, எடை 29 கிலோ. இரண்டு மாதமாகத் தண்ணீர் அதிகம் குடிக்கிறாள். போன வாரம் குடத்திலிருந்து அளந்து ஊற்றிப் பார்த்தேன், ஒரு நாளைக்கு 3.4 லிட்டர். ராத்திரியில் இரண்டு தடவை வெளியே போகணும் என்று எழுப்புகிறாள். மற்றபடி சாப்பிடுகிறாள், வாலாட்டுகிறாள், நடைக்கு மட்டும் கொஞ்சம் சோர்வு.

ரத்தப் பரிசோதனையில் கால்சியம் 13.8 (லேப் மேல் எல்லை 11.5), கிரியாட்டினின் 2.2, பாஸ்பரஸ் 2.4, ஆல்புமின், சோடியம், பொட்டாசியம் எல்லாம் சரி. சிறுநீர் அடர்த்தி 1.004. பார்த்த டாக்டர் "கிட்னி கெட்டுவிட்டது, அதனால்தான் கால்சியம் ஏறியிருக்கிறது" என்று கிட்னி உணவும், நாளையிலிருந்து பிரட்னிசலோன் மாத்திரையும் எழுதிக் கொடுத்திருக்கிறார். மாத்திரை வாங்கி வைத்திருக்கிறேன், இன்னும் கொடுக்கவில்லை. ஒரு மனசு வேண்டாம் என்கிறது.

பாலு அண்ணன்
தங்கச்சி, கால்சியம் சிரப், முட்டை ஓடு, எலும்பு எல்லாத்தையும் முதலில் நிறுத்து. எங்கள் ராஜபாளையம் குட்டிக்கு வளரும்போது சிரப் அதிகமாகக் கொடுத்து மூட்டு வீங்கிப்போச்சு. நிறுத்தினதும் சரியாகிவிட்டது.

செல்வி_ஈரோடு
அண்ணா, சிரப் எதுவும் கொடுப்பதில்லை. சோறு, கோழி, கொஞ்சம் காய், அவ்வளவுதான்.

லேப்_குமரன்
நான் மனிதர்களுக்கான லேபில் வேலை செய்கிறேன். மொத்தக் கால்சியத்தை மட்டும் பார்த்துப் பயப்பட வேண்டாம், ஆல்புமினை வைத்துக் கணக்குப் போட்டுத் திருத்தினால்தான் உண்மையான அளவு தெரியும். ஆல்புமின் சரியாக இருக்கிறது என்றால் 13.8 உண்மைதான். கிட்னி நோயில் கால்சியம் ஏறுவதும் உண்டு, அதனால் டாக்டர் சொன்னது தப்பு என்று சொல்ல முடியாது.

டாக்டர்_மீனாட்சி (கால்நடை மருத்துவர்)
செல்வி, அந்த பிரட்னிசலோனை அலமாரியிலேயே வையுங்கள், காரணம் தெரியும் வரை ஒரு மாத்திரைகூட வேண்டாம். நாய்களுக்குக் கால்சியம் ஏறுவதற்கு முதல் காரணம் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய். பிரட்னிசலோன் ஒரு ஸ்டீராய்டு, அது உள்ளே போனால் லிம்போமா செல்கள் சில நாளில் கரைந்து, நெறி வற்றி, கால்சியமும் இறங்கிவிடும். பார்ப்பவர்களுக்கு நாய் குணமானதுபோலத் தெரியும். அப்புறம் ஊசி குத்தி எடுத்துப் பார்த்தாலும் ஒன்றும் தெரியாது, பின்னால் கீமோவுக்கும் சரியாகக் கேட்காது.

குமரன், மனிதர்களுக்குப் போடும் ஆல்புமின் கணக்கு நாய்களுக்குச் சரிப்படுவதில்லை, பல தடவை ஏமாற்றியிருக்கிறது. ரத்தத்தில் எதோடும் ஒட்டாமல் திரியும் அயனி கால்சியத்தை நேரடியாக அளப்பதுதான் வழி. கிட்னி கெட்ட நாய்களில் பெரும்பாலும் மொத்தக் கால்சியம் மட்டும் ஏறி நிற்கும், அயனி கால்சியம் சரியாகவோ குறைவாகவோதான் இருக்கும். அயனியும் ஏறியிருந்தால் வேறு இடத்தில் தேட வேண்டும்.

செல்வி, எனக்கு உங்கள் ரிப்போர்ட்டில் உறுத்துவது பாஸ்பரஸ். கிரியாட்டினின் 2.2 வரை போகிற அளவுக்குக் கிட்னி விழுந்திருந்தால் பாஸ்பரஸ் தேங்கி ஏறும், இங்கே அடிமட்டத்தில் இருக்கிறது. இன்னொன்று அந்த 1.004. பழுதான கிட்னியால் சிறுநீரைச் சுண்டவும் முடியாது, நீர்க்க வைக்கவும் முடியாது, அது ரத்தத்தின் அடர்த்தியை ஒட்டி 1.010 பக்கத்திலேயே நிற்கும். 1.004 வரை நீர்த்துப்போக வேண்டும் என்றால் கிட்னி இன்னும் வேலை செய்கிறது, ஆனால் தண்ணீரைப் பிடித்து வைக்கச் சொல்லும் ஹார்மோனின் பேச்சைக் கேட்கவில்லை என்று அர்த்தம். அப்படிக் கேட்கவிடாமல் செய்வது உயர்ந்த கால்சியமேதான். அதனால் கால்சியம்தான் கிட்னியைத் தொல்லைப்படுத்துகிறது என்று முதலில் நினைத்துக்கொள்ளுங்கள். கிட்னி உணவுக்கு அவசரம் இல்லை.

வீட்டில் எலி மருந்து, வைட்டமின் டி சொட்டு, சொரியாசிஸ் களிம்பு ஏதாவது இருக்கிறதா? (பாலு அண்ணன் கேட்டது வீணில்லை. கால்சியம் சிரப்பால் மட்டும் பெரிய நாய்க்கு இவ்வளவு ஏறுவது அரிது, வைட்டமின் டி அதிகமானால் ஏறும்.) ஆனால் அதில் பாஸ்பரஸும் சேர்ந்து ஏறும்.

செல்வி_ஈரோடு
களிம்பும் இல்லை, எலி மருந்தும் இல்லை டாக்டர். அயனி கால்சியம் எங்கே பார்ப்பது?

டாக்டர்_மீனாட்சி
பிளட் கேஸ் மெஷின் இருக்கும் இடத்தில். ரத்தத்தைக் காற்றுப்படாமல் எடுத்து உடனே ஓட்ட வேண்டும். ஊதா மூடி டியூபில் மட்டும் எடுக்க விடாதீர்கள், அதிலுள்ள மருந்து கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு அளவைப் பொய்யாகக் குறைத்துக் காட்டும். வெறும் வயிற்றில் எடுங்கள்.

அதே நாளில் டாக்டரிடம் சொல்லி எல்லா நெறிகளையும், தாடைக்குக் கீழ், தோளுக்கு முன், முழங்காலுக்குப் பின், தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கையுறை போட்டு ஆசனவாய்க்குள் விரல் விட்டுப் பார்ப்பதும் கட்டாயம், அங்கே இருக்கும் சுரப்பியில் பட்டாணி அளவு கட்டி வந்தாலே கால்சியம் ஏறும். அந்தச் சோதனையைப் பலர் தவிர்த்துவிடுகிறார்கள். நெஞ்சு எக்ஸ்ரேவில் இதயத்துக்கு முன்னால் கட்டி இருக்கிறதா என்று பார்க்கணும், கால்சியம் ஏற்றும் லிம்போமா அங்கே ஒளிந்திருப்பது வழக்கம்.

அருண்_நெல்லை
எங்கள் டாக்ஸுக்கு இதேதான் நடந்தது. கால்சியம் 15, வெளியே நெறி எதுவும் இல்லை, பிரட்னிசலோன் கொடுத்தோம், பத்து நாள் துள்ளி விளையாடினான். பிறகு மூச்சு வாங்கினான், எக்ஸ்ரேவில் நெஞ்சுக்குள் கட்டி. குத்தி எடுத்துப் பார்த்ததில் தெளிவாக வரவில்லை, திரும்ப எடுப்பதற்குள் போய்விட்டான். அக்கா, தயவுசெய்து எக்ஸ்ரே எடுத்துவிட்டு எதுவானாலும் செய்யுங்கள்.

செல்வி_ஈரோடு (5 நாள் கழித்து)
எல்லாம் பார்த்தாயிற்று. அயனி கால்சியம் 1.82 (எல்லை 1.45). நெறி எதுவும் பெரிதாக இல்லை, விரல் சோதனையில் ஒன்றும் இல்லை, எக்ஸ்ரே சுத்தம். வயிறு ஸ்கேனில் சிறுநீர்ப்பையில் இரண்டு சின்னக் கற்கள், மண்ணீரலில் 8 மில்லிமீட்டருக்கு ஒரு மங்கலான இடம். மூன்று நாள் சலைன் ஏற்றினார்கள், கிரியாட்டினின் 1.7 ஆனது, கால்சியம் 12.9.

லிம்போமா இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

டாக்டர்_மீனாட்சி
வாய்ப்பு குறைந்திருக்கிறது, இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது. மண்ணீரலில் அந்த இடத்தையும், கூடவே கல்லீரலையும் மெல்லிய ஊசியால் குத்தி எடுக்கச் சொல்லுங்கள். பாஸ்பரஸ் குறைவு லிம்போமாவையும், கழுத்தில் கால்சியத்தை ஆளும் பாராதைராய்டு சுரப்பிகளின் கோளாறையும் பிரித்துக் காட்டாது, இரண்டிலும் குறையும்.

பழைய ரத்த ரிப்போர்ட் ஏதாவது இருக்கிறதா? கால்சியம் எப்போது ஏற ஆரம்பித்தது என்பது முக்கியம்.

செல்வி_ஈரோடு
2023-இல் பல் சுத்தம் பண்ணும்போது எடுத்தது கிடைத்தது. கால்சியம் 11.9. அப்போது யாரும் எதுவும் சொல்லவில்லை.

டாக்டர்_மீனாட்சி
அதுதான் நான் தேடிய ரிப்போர்ட்! லிம்போமா இவ்வளவு காலம் சும்மா இருந்து, நாயைச் சாப்பிடவும் வாலாட்டவும் விட்டுக்கொண்டிருக்காது. மெதுவாக ஏறும் கால்சியம், நன்றாக இருக்கும் வயதான நாய், சிறுநீர்ப்பையில் கல், மூன்றும் சேர்ந்தால் என் கை பாராதைராய்டுப் பக்கம் போகிறது. கழுத்து ஸ்கேன் செய்யுங்கள், அனுபவம் உள்ளவர் கையால். பாராதைராய்டு சுரக்கும் ஹார்மோனான பி.டி.எச் அளவு பார்க்கவும் அனுப்புங்கள், அதற்கான ரத்தம் பிரித்ததும் உறைய வைத்து ஐஸில் போகணும், வழியில் சூடுபட்டால் அளவு குறைந்து வரும்.

செல்வி_ஈரோடு (3 வாரம் கழித்து)
மண்ணீரல், கல்லீரல் இரண்டிலும் புற்றுநோய் செல் தெரியவில்லை என்கிறார்கள். கழுத்து ஸ்கேனில் இடது பக்கம் 7 மில்லிமீட்டருக்கு வட்டமாக ஒரு கறுப்பு முடிச்சு, மற்ற மூன்று சுரப்பிகளும் கண்ணுக்குப் படவில்லை. ஆனால் பி.டி.எச் 4.3 (எல்லை 0.5 முதல் 5.8 வரை). புற்றுநோய் சுரந்து கால்சியத்தை ஏற்றும் இன்னொரு பொருள், பி.டி.எச்.ஆர்.பி, பூஜ்யம்.

லேப்_குமரன்
பி.டி.எச் நார்மல்தானே மேடம்! அப்படியென்றால் பாராதைராய்டு இல்லை. திரும்ப ஆரம்பத்துக்கே வந்துவிட்டோமே?

டாக்டர்_மீனாட்சி
இந்த இடத்தில்தான் நிறையப் பேர் வழுக்குகிறார்கள் குமரன். அந்த எல்லை கால்சியம் சரியாக இருக்கும் நாய்களுக்குப் போட்டது. அயனி கால்சியம் 1.82 இருக்கும்போது ஆரோக்கியமான பாராதைராய்டு வாயை மூடிக்கொண்டு பி.டி.எச்சைக் கிட்டத்தட்ட அடிமட்டத்துக்குக் கொண்டுபோயிருக்க வேண்டும். லிம்போமாவிலும், வைட்டமின் டி விஷத்திலும் அப்படித்தான் இருக்கும். இங்கே 4.3 வருகிறது என்றால் யாரோ ஒருவர் கால்சியத்தைக் கண்டுகொள்ளாமல் சுரந்துகொண்டிருக்கிறார். பாராதைராய்டு அதிகமாகச் சுரக்கும் இந்த நோய் உள்ள நாய்களில் பாதிக்கு மேல் பி.டி.எச் இப்படி எல்லைக்குள்ளேதான் வரும்.

பி.டி.எச்.ஆர்.பி பூஜ்யம் என்பதை மட்டும் வைத்து லிம்போமாவை நான் தள்ளமாட்டேன், அது சுரக்காமலும் சில லிம்போமா கால்சியத்தை ஏற்றும். ஆனால் அடங்காத பி.டி.எச்சும் அந்த ஒற்றை முடிச்சும் சேர்ந்து நிற்கின்றன. கிட்னி காரணமாக இருந்தால் நான்கு சுரப்பிகளும் பெருத்திருக்கும். ஒன்று மட்டும் வளர்ந்து மற்றவை சுருங்கிக் கிடப்பது அந்த ஒன்று தன்னிச்சையாக ஓடுகிறது என்பதைக் காட்டுகிறது.

செல்வி_ஈரோடு
முடிச்சை எடுக்க அறுவை சிகிச்சைக்கு நாள் கொடுத்திருக்கிறார்கள், வரும் வியாழன். பிறகு கால்சியம் ரொம்ப இறங்காமல் இருக்க முன்கூட்டியே கால்சிட்ரியால் என்ற வைட்டமின் டி மருந்து கொடுக்கணும் என்று ஒரு டாக்டரும், தேவையில்லை, இறங்கினால் பார்த்துக்கொள்ளலாம் என்று இன்னொருவரும் சொல்கிறார்கள். கிரியாட்டினினும் 1.7-லேயே நிற்கிறது.

டாக்டர்_மீனாட்சி
அதில் எங்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. கால்சியம் மிக அதிகமாக, ரொம்ப நாளாக இருந்தால் சிலர் முன்பே தொடங்குவார்கள். நானாக இருந்தால் கால்சியம் 12.9 உள்ள நாய்க்கு முன்பே கொடுக்காமல் காத்திருந்து பார்ப்பேன், ஆனால் நாயை நேரில் பார்ப்பவர் சொல்வதைக் கேளுங்கள். இரண்டு வழியிலும் ஐந்து, ஆறு நாள் மருத்துவமனையிலேயே இருக்கட்டும், தினம் இரண்டு வேளை அயனி கால்சியம் பார்க்கணும். தூங்கிக் கிடக்கும் மூன்று சுரப்பிகளும் விழித்துக்கொள்ள நாளாகும், இரண்டாம் நாளிலிருந்து ஆறாம் நாள் வரைதான் பயம். மூஞ்சியைத் தரையில் தேய்த்தாலோ, காரணமில்லாமல் மூச்சு இரைத்தாலோ, தசை துடித்தாலோ அந்த நிமிஷமே ஆளைக் கூப்பிடுங்கள்.

1.7 பற்றி இப்போது சொல்ல முடியாது. ரொம்ப நாள் கால்சியம் கிட்னியில் படிந்திருந்தால் கொஞ்சம் நிரந்தரமாகவே நின்றுவிடலாம், கால்சியம் இறங்கி ஒரு மாதம் கழித்து எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். எடுத்த முடிச்சைத் திசுப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். அறுக்கும்போது எதிர்ப்பக்கமும் பார்க்கட்டும், இரண்டாவது முடிச்சு ஸ்கேனில் தப்பியிருக்கலாம். சிறுநீர்ப்பைக் கல்லை எடுத்தால் அதையும் பரிசோதனைக்கு அனுப்ப மறக்காதீர்கள்.

பாலு அண்ணன்
வியாழன் ராத்திரி எழுதம்மா. முட்டை ஓடு விஷயம் நான் தப்பாகச் சொல்லிவிட்டேன்.

செல்வி_ஈரோடு
எழுதுகிறேன் அண்ணா. மாத்திரை அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.