லொக்அவுட் நேரத்துக்கு ஒரு சொல், வெள்ளிக்கு முன்

கல்முனை, உயர்தர ஐசிடி ஆசிரியை:
வெள்ளிக்கிழமை கையேடு அச்சுக்குப் போகிறது. கடவுச்சொல்லைப் பலதரம் பிழையாக அடித்தால் கணக்கு கொஞ்சநேரம் பூட்டுப்படுமே, அந்த நேரத்துக்கு ஒரு சொல் வேண்டும். 'காத்திருப்பு நேரம்' என்று எழுதினால் பக்கம் திறக்கச் சுணங்குவதாகப் பிள்ளைகள் விளங்குகிறார்கள்.

களுவாஞ்சிக்குடி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
ரீச்சர், 'அடைகாலம்' என்று வையுங்கள். கண்ணகி கோயிலில் கதவு திறத்தல், அடைத்தல் என்கிறோம், அதே வினை. அடைப்பு, அடைக்கலம் எல்லாம் இந்த அடையின் பிள்ளைகள்தான்.

காத்தான்குடி, மொழிபெயர்ப்பாளர்:
சேர், அடைக்கலத்தில் இருப்பது சேர்தலைக் குறிக்கும் அடை, மூடுவதல்ல. அடைகாலம் என்றால் எனக்குக் கோழிதான் தெரியுது. 'மறியற்காலம்' எப்படி? விளக்கமறியல் தெரியாத ஆள் இங்கே இல்லை.

கல்முனை ஆசிரியை:
இந்தியப் பிள்ளைக்கு மறியல் என்றால் வீதியை மறிப்பது. அதோடு மறந்துபோய்ப் பிழையாக அடித்த பிள்ளை குற்றவாளியா?

ஏறாவூர், சேர்வர் பார்ப்பவர்:
முதலில் அது என்ன செய்கிறது என்று பார்ப்போம். 4 இலக்க இரகசிய எண்ணில் 10,000 சாத்தியங்கள். செக்கனுக்கு ஒன்றாக அடித்தால் 2 மணி 47 நிமிடத்துக்குள் எல்லாம் தீரும். 5 பிழைக்குப் பிறகு 1 நிமிடம் பூட்டி, திறந்தபின் வரும் ஒவ்வொரு பிழைக்கும் நேரத்தை 2, 4, 8 என்று இரட்டித்தால், 20ஆவது பூட்டு மட்டும் 5,24,288 நிமிடம், கிட்டத்தட்ட ஒரு வருடம். களவாகத் திறக்கப் பார்ப்பவன் அங்கே நிற்கிறான். மறந்துபோனவருக்கு இரண்டு மூன்று நிமிடம்தான் நட்டம்.

காத்தான்குடி:
அப்போ பூட்டியிருக்கும்போது அடித்தாலே நேரம் நீளும், சரியா நானா?

ஏறாவூர்:
பாதி சரி. சில முறைமைகளில் பூட்டுக்குள் அடிக்கும் ஒவ்வொரு தரமும் கடிகாரம் முதலிலிருந்து தொடங்கும். அலுவலகக் கணினிகளை ஒன்றாக நிர்வகிக்கும் விண்டோஸ் டொமைனில் அப்படி இல்லை. நிர்வாகி வைத்த அளவுதான், இடையில் அடிப்பது சேராது. எது என்று தெரியாவிட்டால் கையை எடுத்துவிட்டு இருப்பதே நல்லம்.

அக்கரைப்பற்று, அலுவலர்:
எனக்கு நேரம் முடிந்து திறந்தாலும் கொஞ்சத்தில் திரும்பவும் பூட்டுது. நான் ஒன்றும் அடிக்கவேயில்லை. கடிகாரப் பிழைக்குத் தமிழில் என்ன சொல்?

ஏறாவூர்:
தம்பி, கடிகாரம் சரி. அண்மையில் கடவுச்சொல் மாத்தினீங்களா? போனில் மின்னஞ்சல் செயலி பழையதைத் தானாக அனுப்பிக்கொண்டிருக்கும், ஒவ்வொன்றும் ஒரு பிழையாகப் பதியும். போனை விமானப் பயன்முறையில் வையுங்கள். பூட்டு முடிந்து கணினியில் நுழைந்தபின் திரும்பவும் பூட்டாவிட்டால் காரணம் போன்தான். அதில் பழையதை அழித்துப் புதியதைப் போட்ட பிறகே இணைப்பைத் திறவுங்கள்.

கல்முனை ஆசிரியை:
அப்படியென்றால் இரண்டு சொல் வேண்டும். அளவு மாறாதது 'பூட்டுநேரம்', பிழைக்குப் பிழை கூடுவது 'வளர்பூட்டு'. வளர்பிறை தெரிந்தவர்களுக்கு விளங்கும்.

காத்தான்குடி:
பூட்டுநேரத்துக்கு ஓம். வளர்பூட்டு, பூட்டே பெருப்பது போலிருக்கு.

களுவாஞ்சிக்குடி:
பூட்டுநேரம் என்றால் பூட்டுகிற நேரமா, பூட்டியிருக்கிற நேரமா? கடை பூட்டுநேரம் எத்தனை மணி என்று கேட்பதில்லையா? அச்சிடுங்கள் ரீச்சர், என் மறுப்பையும் குறித்துக்கொள்ளுங்கள்.