ஆடிட் கமிட்டிக்கு விளக்கம் தர வேண்டும், நெல் இருப்பில் சிக்கி நிற்கிறேன்

வணக்கம். மன்னார்குடிப் பக்கம் அரிசி ஆலை வைத்திருக்கும் கம்பெனியில் செயலாளராக இருக்கிறேன். பங்குச்சந்தையில் பட்டியலிடாத பொது நிறுவனம்தான்; விற்றுமுதல் 100 கோடியைத் தாண்டியதால் கம்பெனிச் சட்டத்தின் 177-ஆம் பிரிவுப்படி ஆடிட் கமிட்டி உண்டு. உள் தணிக்கையையும் வெளி ஆடிட்டரையும் எப்படிக் கண்காணிப்பது என்று அடுத்த வாரம் கமிட்டிக்கு நான் விளக்க வேண்டும்.

சிக்கல் இதுதான். சம்பா நெல்லை 17 சதவீத ஈரப்பதத்தில் வாங்குகிறோம். கிடங்கில் 14-க்கு இறங்கினால் 100 டன் ஏறக்குறைய 96.5 டன்தான் நிற்கும். ஆனால் மார்ச் 31 கணக்கில், ஒரு கிடங்கில் வாங்கிய எடை அப்படியே இருக்கிறது! உள் தணிக்கையாளர் இதை எழுதியிருந்தார். அறிக்கை முதலில் நிதி மேலாளரிடம் போகும். கமிட்டிக்கு வந்தபோது அந்தப் பத்தியைக் காணோம். வெளி ஆடிட்டரோ அந்தக் கிடங்குக்குப் போகாமல் உள் தணிக்கையை நம்பியே முடிக்கப் பார்க்கிறார். உள் தணிக்கை யாருக்கும் கட்டுப்படாமல் இயங்குகிறதா என்று அவர் முதலில் எடைபோட வேண்டும் என்கிறது தணிக்கைத் தரநிலை எஸ்.ஏ. 610.

அறிக்கையை நேராகக் கமிட்டிக்கு அனுப்பச் சொல்லிப் பார்த்தேன், நிதி மேலாளர் மறுத்துவிட்டார். சட்டப் பிரிவுகளைத் தொகுத்து உறுப்பினர்களுக்கு அனுப்பினேன். "சரிங்க" என்பதோடு சரி.

நிர்வாகத்தினர் இல்லாமல் கமிட்டி உள் தணிக்கையாளரையும் வெளி ஆடிட்டரையும் தனித்தனியாகச் சந்தித்தால், இந்த இருப்பைப் பற்றி ஆளுக்கு என்ன கேள்விகள் கேட்கச் சொல்லலாம்?